அக்டோபரில் ஒரு டிராக்டர் லோடு: தாமிரபரணிக் கரை அதிகாரிகளுக்கும் நிவாரணக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பேரிடர் மேலாண்மைப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும், வெள்ளம் என்று கேட்டவுடன் லாரி பிடித்துக் கிளம்பும் எங்களைப் போன்ற தன்னார்வக் குழுக்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் 69 செ.மீ. ஒரு வருடத்தில் பெய்ய வேண்டியதை விட அதிகமான மழை ஒரு பகலிலும் ஓர் இரவிலும் கொட்டித் தீர்த்தது. மேலே அணைகளிலிருந்து வந்த தண்ணீரும், சமவெளியில் பெய்த மழையும், உடைத்துக்கொண்ட குளங்களும் கால்வாய்களும் ஒன்று சேர, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரல் வரை ஆறு எது, வயல் எது என்று தெரியாமல் போனது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப் போய், தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கிய படத்தை ஊரே பார்த்தது. அதில் வந்த ஏறத்தாழ 800 பயணிகளில் அங்கேயே சிக்கியவர்களுக்கு ஹெலிகாப்டரில் இருந்துதான் உணவுப் பொட்டலம் போட வேண்டியிருந்தது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு சிறிய நிவாரணக் குழுவில் சரக்குக் கணக்குப் பார்ப்பவன். எந்த லாரியில் எத்தனை மூட்டை, எங்கே இறங்கியது, யார் கையெழுத்துப் போட்டார் என்று எழுதுவது என் வேலை. அந்த நாட்களில் நான் எழுதிய நோட்டை இப்போதும் வைத்திருக்கிறேன். அதைத் திரும்பத் திரும்பப் புரட்டியதில் கிடைத்த மூன்று விஷயங்களைத்தான் இந்த மடலில் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சம்பவம். 20ஆம் தேதி மதியம், ரோடு முடிந்து தண்ணீர் தொடங்கும் ஓர் இடத்தில் எங்கள் லாரி போய் நின்றது. எங்களுக்கு முன்னால் ஆறு வண்டிகள் நின்றன. ஆறிலும் ரொட்டி, பிஸ்கட், தண்ணீர் பாட்டில், பழைய துணி. ரோட்டோரத்தில் இருந்த ஊர் அன்று காலையிலிருந்து நான்கு தடவை சாப்பாடு வாங்கியிருந்தது. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, வாழைத்தோட்டங்களுக்கு அப்பால் இருந்த ஊருக்கு அதுவரை யாருமே போகவில்லை. ஒரு விவசாயியின் டிராக்டரில் ஏறி நாங்கள் உள்ளே போனோம். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு வீட்டு மாடிப் படியில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர், நாங்கள் அரிசி மூட்டையை இறக்குவதைப் பார்த்துவிட்டு, "எய்யா, அரிசி பரண்ல கெடக்கு. தீப்பெட்டிதான் நனைஞ்சு போச்சு. குடிக்கத் தண்ணி இல்ல. அது ரெண்டும் கொண்டாந்தியளா?" என்று கேட்டார்.

எங்கள் லாரியில் 60 மூட்டை அரிசி இருந்தது. தீப்பெட்டி ஒன்றுகூட இல்லை.

அந்த ஊரில் பாதிப் பேர் வீட்டில் அரிசி இருந்தது. மீதிப் பேர் வீட்டில் இல்லை. தாழ்வான தெருவில் குடிசையோடு எல்லாம் போய்விட்டது. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இல்லாமல் போனது நெருப்பும் நல்ல தண்ணீரும்தான். விறகு நனைந்திருந்தது. சிலிண்டர் தண்ணீரில் மிதந்து எங்கோ போயிருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை. கிணற்றில் சேறு. நாங்கள் தொலைவில் உட்கார்ந்து 'வெள்ளம் என்றால் அரிசி' என்று முடிவு செய்துகொண்டோம். அந்த ஊரைக் கேட்க எங்களுக்கு வழியும் இல்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் விஷயம், சரக்கை முன்கூட்டியே வைப்பது.

'முன்கூட்டியே இருப்பு வைத்திருக்கிறோம்' என்று ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் எல்லாக் கூட்டத்திலும் சொல்லப்படுகிறது. அது உண்மையும்கூட. ஆனால் அந்த இருப்பு எங்கே இருக்கிறது? மாவட்டத் தலைநகரில், அல்லது தாலுகா கிட்டங்கியில். 2023இல் தூத்துக்குடி நகரமே நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. திருநெல்வேலியில் ஆற்றங்கரையில் கொக்கிரகுளத்தில் இருக்கும் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. உதவி அனுப்ப வேண்டிய இடமே உதவி கேட்கும் இடமாகிவிட்டால், அங்கே அடுக்கி வைத்த மூட்டையால் ஏரலுக்கு என்ன பயன்? இருப்பு இருக்க வேண்டிய இடம் தண்ணீருக்கு அந்தப் பக்கம். துண்டிக்கப்படப் போகிற ஊருக்குள்.

எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமார் 400 வீடு, 1,500 பேர் இருக்கும் ஓர் ஊர் மூன்று நாள் தனித்து நிற்கிறது என்று வையுங்கள். யாரிடமும் எதுவும் மிஞ்சவில்லை என்றே எடுத்துக்கொள்வோம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், வெல்லம் 30 கிராம். இது ஏறக்குறைய 2,000 கலோரி. நிவாரணத்தில் உலகம் முழுக்க வைத்துக்கொள்ளும் 2,100 என்ற அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மூன்று நாளைக்கு அரிசி 1,800 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 36. பருப்பு 270 கிலோ. எண்ணெயும் வெல்லமும் சேர்த்து சுமார் 250 கிலோ. உப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டாலும் மொத்தம் இரண்டரை டன்னைத் தாண்டாது.

இரண்டரை டன் என்பது ஒரு டிராக்டர் டிரெய்லர் லோடு. அக்டோபரில் ரோடு காய்ந்து கிடக்கும்போது ஒருவர் ஓட்டிப் போய், நாலு பேர் இறக்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அதே எடையை டிசம்பர் 19ஆம் தேதி கொண்டுபோக வேண்டுமென்றால் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்றில் பாதிக்கு மேல் நிரம்பிவிடும்; அதன் உச்ச அளவே நான்கு டன்தான். மேகம் கலைய வேண்டும், இறங்க இடம் வேண்டும். இறங்க இடம் இல்லாவிட்டால் மொட்டை மாடியைப் பார்த்துப் பொட்டலமாகப் போட வேண்டும். அதில் பாதி தண்ணீரில் விழும். அந்த ஹெலிகாப்டரை ஓட்டிய வீரர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். கர்ப்பிணிப் பெண்களையும் கைக்குழந்தைகளையும் அவர்கள்தான் தூக்கி வந்தார்கள். அந்த வேலைக்குத்தான் ஹெலிகாப்டர் வேண்டும். அரிசி சுமப்பதற்கு அல்ல.

இதற்காகப் புதிதாகக் கிட்டங்கி கட்டச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே ஒரு கிட்டங்கி இருக்கிறது. அதன் பெயர் ரேஷன் கடை. மாதாமாதம் அரிசியும் பருப்பும் பாமாயிலும் சர்க்கரையும் அங்கே வந்து இறங்குகின்றன. துண்டிக்கப்படும் ஊர்களுக்கு மட்டும், நவம்பர், டிசம்பர் மாதச் சரக்கை முந்தைய மாதக் கடைசியிலேயே இறக்கிவிட்டால், புதிய செலவு எதுவும் இல்லாமல் பெரும்பகுதி இருப்பு ஊருக்குள் வந்துவிடும். வெள்ளம் வராவிட்டால் அது வழக்கம்போல விநியோகமாகிவிடும். கெட்டுப்போகும் என்ற கவலை இல்லை, வண்டு விழும் என்ற பயமும் இல்லை. தனியாக நிவாரண அரிசி என்று வாங்கி மூன்று வருடம் அடுக்கி வைத்தால்தான் புழு வைக்கும். பிறகு தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று யாரும் வாங்கவே மாட்டார்கள்.

ஆனால் இதில் இரண்டு முடிச்சு இருக்கிறது. இரண்டையும் நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும்.

ஒன்று, தரை. நாங்கள் போன ஊர் ஒன்றில் கடைக்குள் மூட்டைகள் இருந்தன. கீழ் இரண்டு அடுக்கு நனைந்து புளித்த வாடை அடித்தது. மூட்டைக்கு அடியில் மரக்கட்டைகூட இல்லை. எல்லா ஊரிலும் 2023 வெள்ளத்தின் சேற்றுக் கோடு சுவரில் இன்னும் தெரியும். வெள்ளையடித்து மறைத்திருந்தாலும் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்கு இரண்டடி மேலே தரை இருக்கும் ஏதாவது ஓர் இடத்துக்குச் சரக்கு போக வேண்டும். பள்ளிக்கூடத்து மாடி வகுப்பறை, கோவில் மண்டபம், மாதா கோவிலின் பின்கட்டு, பள்ளிவாசல் மாடி, எது உயரமோ அது. கடற்கரையில் புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. ஆற்றங்கரை ஊர்களில் இதைத்தான் தேட வேண்டும்.

இன்னொன்று, விரல் ரேகை. ரேஷன் கடையில் வழக்கமாக இயந்திரத்தில் ரேகை வைத்துத்தான் சரக்கு. கரண்ட் போய், டவர் செத்து, சர்வர் கிடைக்காதபோது விற்பனையாளர் என்ன செய்வார்? கொடுத்தால் பின்னால் குறைவுத்தொகை தன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கடைக்குள் அரிசி, கடை வாசலில் பசித்த ஜனம், நடுவில் ஒரு நெட்வொர்க் கோபுரம். இதற்கு வேண்டியது ஒரே ஒரு பக்க உத்தரவு: டவரும் ரோடும் சேர்ந்து போய்விட்டால், கிராம நிர்வாக அலுவலரோ, அவர் வர முடியாவிட்டால் ஊராட்சித் தலைவரோ கையெழுத்திட்டு, நோட்டில் பெயர் எழுதி, சரக்கைத் திறந்து கொடுக்கலாம், அதற்கு விற்பனையாளர் பொறுப்பல்ல. இந்த உத்தரவு வெள்ளம் வந்த பிறகு வாட்ஸ்அப்பில் வந்தால் யாருக்கும் போய்ச் சேராது. அக்டோபரிலேயே அச்சடித்து, கடைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

அரிசியை விடத் தண்ணீர்தான் பெரிய கணக்கு. அதே 1,500 பேருக்கு, குடிக்க மட்டும் ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால், மூன்று நாளைக்கு 13,500 லிட்டர். பாட்டிலாகக் கொண்டுபோனால் பதிமூன்றரை டன். அரிசி பருப்பு எல்லாவற்றையும் போல ஐந்து மடங்கு. எங்கள் நோட்டில் பாதி லாரி தண்ணீர் பாட்டிலுக்குத்தான் போயிருக்கிறது. அவ்வளவு பாடுபட்டும் உள்ளே போய்ச் சேர்ந்தது சொற்பம்.

இதற்கும் விடை ஊருக்குள்ளேயே நிற்கிறது: மேல்நிலைத் தொட்டி. 30,000 லிட்டர் தொட்டி ஒன்று முழுக்க நிரம்பியிருந்தால், அது அந்த ஊருக்குக் குடிக்க ஆறு நாள் தாங்கும். 2023இல் பல இடங்களில் தொட்டி காலியாகத்தான் இருந்தது. காரணம் எளிது. வெள்ளத்தில் எங்கோ ஒரு குழாய் உடையும். வால்வு திறந்தே இருந்தால், தொட்டியில் இருக்கும் தண்ணீர் அத்தனையும் அந்த உடைப்பு வழியே ஒரே இரவில் வயலுக்குப் போய்விடும். மோட்டார் ஓடக் கரண்ட் இல்லை. திரும்ப ஏற்றவும் முடியாது. கனமழை எச்சரிக்கை வந்ததும் டேங்க் ஆபரேட்டர் செய்ய வேண்டியது இரண்டே வேலை. தொட்டியை வழிய வழிய ஏற்ற வேண்டும், ஊருக்குப் போகும் வால்வைப் பூட்டி வைக்க வேண்டும். தொட்டிக்கு நேர் கீழே, வால்வுக்கு முன்னால், இடுப்பு உயரத்தில் நாலு பைப் வைத்துவிட்டால் குடத்தோடு வந்து பிடித்துக்கொள்வார்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு லாரி தண்ணீர் பாட்டில் வாங்குவதைவிடக் குறைவு.

தொட்டி தீர்ந்து, கிணற்றுத் தண்ணீருக்குப் போக வேண்டிவந்தால் பிளீச்சிங் பவுடர். இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. சேறு கலங்கிய தண்ணீரில் நேரடியாகப் பவுடரைக் கொட்டுகிறார்கள். சேற்றிலேயே குளோரின் செலவாகிவிடும். வாடை வரும், கிருமி சாகாது. முதலில் படிகாரம் போட்டுத் தெளிய வைத்து, மேலாக இறுத்து, பிறகு ஆயிரம் லிட்டருக்கு சுமார் நாலு கிராம் பவுடரைக் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். அதன் பிறகும் லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால்தான் அந்தத் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்க்கும் சின்னப் பெட்டி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும். அதையும் சரக்கோடு மாடியில் வையுங்கள். பவுடரை செப்டம்பரில் புதிதாக வாங்குங்கள். ஏப்ரலில் பிரித்த பையை மழைக்காலத்தில் எடுத்தால் சுண்ணாம்புதான் இருக்கும், குளோரின் இருக்காது.

அப்புறம் நெருப்பு. பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்த தீப்பெட்டி, சங்கிலி போட்டுக் கட்டிய இரண்டு சிலிண்டர், ஒரு பெரிய அடுப்பு, இரண்டு அண்டா. வீட்டுக்கு வீடு அடுப்பு எரிய வேண்டாம். மூன்று நாளைக்கு ஊர்ப் பொதுச் சமையல் போதும். சத்துணவு மையத்தில் அண்டாவும் சமைக்கத் தெரிந்த கையும் ஏற்கெனவே இருக்கின்றன. மாதவிடாய் நாப்கின், டார்ச், மெழுகுவர்த்தி, தார்ப்பாய் எல்லாம் சேர்த்து ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று கிராம நிர்வாக அலுவலரிடம், ஒன்று ஊருக்குள்ளேயே குடியிருக்கும் மகளிர் குழுத் தலைவியிடம். அலுவலர்கள் பலர் டவுனிலிருந்து வந்து போகிறவர்கள். வெள்ளத்தன்று அவர்களும் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது விஷயம், போய்ச் சேருவது.

ஏரலில் பாலத்தை ஒட்டிய ரோடு அரித்துக்கொண்டு போனதும், அந்த ஊர் இரண்டு பக்கமும் அறுந்து நின்றது. அப்போது கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அந்த வாரம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் கடலில் ஓடும் படகு வாழைத்தோட்டத்தில் ஓடப் பழகியதல்ல. சாய்ந்து கிடந்த வாழை மட்டையும் நாரும் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும்; ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எஞ்சினைத் தூக்கி, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். சீமைக்கருவேல முள் ரப்பர் படகைக் கிழித்துவிடும். எல்லாவற்றையும் விட ஆபத்து, தண்ணீருக்கு அடியில் இருக்கும் தோட்டத்துக் கிணறுகள். தள்ளிக்கொண்டு நடந்து வருகிறவர் கால் வைத்தால் ஆளே இருக்க மாட்டார். எங்களுக்கு முன்னால் மூங்கில் கம்போடு நடந்த உள்ளூர்ப் பையன் ஒருவன், "இங்கன வராதிய, இது சாமியா தோட்டத்துக் கெணறு" என்று தடுத்து நிறுத்தினான். அவன் காட்டிய இடத்தில் தண்ணீர் மற்ற இடம் போலவேதான் அசையாமல் கிடந்தது.

எனவே படகு வரவழைப்பது என்பது போன் போட்டுச் சொல்வதோடு முடிகிற வேலை அல்ல. எந்தக் கடற்கரை ஊரிலிருந்து எத்தனை ஃபைபர் படகு, எந்த லாரி, ஏற்றி இறக்க எத்தனை ஆள், எஞ்சினுக்கு எரிபொருள் யார் கொடுப்பது, படகு சேதமானால் யார் பொறுப்பு, எந்தச் சரிவில் தண்ணீரில் இறக்குவது, அங்கிருந்து வழி காட்டப் போகிற உள்ளூர் ஆள் யார் என்று ஒவ்வொரு துண்டிப்பு இடத்துக்கும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். சேதத்துக்கான பணத்தைப் பற்றி நான் அழுத்திச் சொல்கிறேன். ஒரு எஞ்சின் போனால் அந்தக் குடும்பத்தின் தொழிலே போச்சு. அதை அவர்கள் கேட்கவில்லை என்பதற்காக நாம் கொடுக்காமல் இருக்கக்கூடாது.

அதோடு, படகு எல்லா நாளும் பயன்படாது என்பதையும் அறிந்தே திட்டம் போட வேண்டும். முதல் நாள் இழுப்பு பலமாக இருக்கும்போது பயிற்சி பெற்ற மீட்புப் படையைத் தவிர வேறு யாரும் தண்ணீரில் இறங்கவே கூடாது. இழுப்பு அடங்கி இடுப்பளவு நிற்கும்போது படகு. முழங்காலளவுக்கு வடிந்ததும் படகு தரை தட்டும், அப்போது டிராக்டர். இந்த மாற்றம் சில இடங்களில் சில மணி நேரத்திலேயே வந்துவிடும். நாங்கள் போன அன்று படகுகள் சேற்றில் மாட்டி நின்றன, டிராக்டர்கள் வீடுகளில் சும்மா நின்றன. வெளியே எடுக்க டீசல் இல்லை. ஒவ்வொரு துண்டிப்பு ஊரிலும் மேட்டில் நிற்கும் இரண்டு டிராக்டரும் அவற்றுக்கு ஒரு பேரல் டீசலும் இருந்தால், மூன்றாம் நாளிலிருந்து அந்த ஊர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நோயாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அடுத்த இரண்டு வாரத்தில் யாருக்குப் பிரசவம் என்ற பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருக்கிறது. யார் யாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்ற பட்டியல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடம் இருக்கிறது. சிவப்பு எச்சரிக்கை வரும் அன்றே முதல் பட்டியலில் இருப்பவர்களை மேட்டிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்து வந்துவிடலாம். இரண்டாவது பட்டியலில் இருப்பவர்களுக்கு மழை மாதங்களில் இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்தே கொடுத்துவிடலாம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் ஒரு தாலுகாவில் எத்தனை பேர் இருப்பார்கள்? பெயர் சொல்லி எண்ணிவிடலாம். அவர்கள் ஒருவரையும் வெள்ளத்துக்கு நடுவே தேடக்கூடாது.

மூன்றாவது விஷயம் எங்களைப் பற்றியது. தன்னார்வக் குழுக்களைப் பற்றியது. இதில் அதிகாரிகளை மட்டும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை மூழ்கியது. மாநிலத்தில் இருந்த குழுக்களும் சரக்கும் அங்கே போயிருந்தன. இரண்டு வாரத்தில் தெற்கே வெள்ளம். எல்லோரும் சோர்ந்திருந்தும் ஓடி வந்தார்கள். மனசு நல்ல மனசு. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ரோடு எங்கே முடிகிறதோ அங்கே போய் இறக்கினார்கள். நான் சொன்ன அந்த ஆறு வண்டியும் எங்கள் லாரியும் அப்படித்தான் ஒரே ஊரில் நின்றன. யாரிடம் செல்போன் வேலை செய்ததோ, யாருக்கு வெளியூரில் சொந்தக்காரர்கள் இருந்தார்களோ, அவர்கள் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்த ஊருக்குப் பத்து வண்டி போனது. முழுக்கத் துண்டிக்கப்பட்ட ஊரிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. போன் வராததால் அங்கே பிரச்சினை இல்லை என்று நினைத்துவிட்டோம்.

1077க்கு வருகிற அழைப்புகளை எழுதிக்கொள்வது போல, போன் வராத ஊர்களின் பட்டியல் ஒன்றும் கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். தாலுகாவில் உள்ள எல்லாக் குக்கிராமத்தின் பெயரும் ஒரு பலகையில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பக்கத்தில் நான்கே கட்டம்: கடைசியாக யார் பேசியது, யார் நேரில் போனது, என்ன கொடுத்தது, என்ன இல்லை. ஆறு மணி நேரமாகக் கட்டம் காலியாக இருக்கும் ஊர்தான் அடுத்த படகு போக வேண்டிய ஊர். இதைக் கணினியில் வைக்கலாம், சுவரிலும் வைக்கலாம். டவர் இல்லாதபோது சுவர்தான் நிற்கும். ஊர்களிலிருந்து தகவல் வர போலீஸ் வயர்லெஸ் இருக்கிறது, மீனவர்களிடம் விஎச்எஃப் கருவி இருக்கிறது. துண்டிப்பு ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியும், அதில் பேசத் தெரிந்த ஒருவரும் அக்டோபரிலேயே போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பலகை ஒரே இடத்தில் இருந்தாலும் போதாது. தாமிரபரணி பெருகினால் தூத்துக்குடி மாவட்டம் வடக்கு தெற்காகப் பிளந்துவிடுகிறது. தென்கரை ஊர்களுக்குத் திருநெல்வேலியிலிருந்தோ திருச்செந்தூரிலிருந்தோதான் போக முடியும்; மாவட்டத் தலைநகரிலிருந்து முடியாது. ஆகவே மூன்று வாசல் வேண்டும்: பாளையங்கோட்டைப் பக்கம் ஒன்று, தூத்துக்குடிப் பக்கம் ஒன்று, திருச்செந்தூர்ப் பக்கம் ஒன்று. ஒவ்வொரு வாசலிலும் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஓர் அதிகாரி உட்கார வேண்டும். மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் என்பதற்காகத் திருநெல்வேலிக் கிட்டங்கிச் சரக்கு தூத்துக்குடி மாவட்ட ஊருக்குப் போகக் கோப்பு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. தண்ணீருக்கு மாவட்ட எல்லை தெரியாது. 1992 நவம்பரிலும் தெரியவில்லை, 2023இலும் தெரியவில்லை.

குழுக்களே, நமக்கான வேலை இதுதான். வாசலில் நின்று, பலகையைப் பார்த்து, சொன்ன ஊருக்குச் சொன்ன பொருளைக் கொண்டுபோவது. அந்த ஊரில் நமக்குத் தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டாலும், நம் பேனரைப் படம் எடுக்க வழி இல்லாவிட்டாலும் போவது. பழைய துணி கொண்டுவர வேண்டாம். 2023இல் நனைந்த துணி மூட்டைகள் பள்ளிக்கூடத் திண்ணைகளை அடைத்துக் கிடந்து, கடைசியில் அவற்றை அள்ளிப் போடவும் ஆள் தேட வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் அடுத்த லோடு ஏற்ற வேண்டும். ஒரு குழு எழுதாமல் விட்டாலும், அடுத்தவர் அதே ஊருக்கு மறுபடி போவார்.

எல்லா ஊருக்கும் ஒரே வருடத்தில் இதைச் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். 2023இல் மூன்று நாளுக்கு மேல் துண்டிக்கப்பட்ட ஊர்களின் பட்டியல் வருவாய்த்துறையிடம் இருக்கும். அதிலிருந்து இந்த வருடம் பத்து ஊர் எடுத்துக்கொள்ளுங்கள். மழை எச்சரிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். 2023இல் சிவப்பு எச்சரிக்கைக்கும் வந்த தண்ணீருக்கும் நடுவே ஒரு லாரி ஏற்றி அனுப்பக்கூட நேரம் இருக்கவில்லை. மழை வலுக்கும் முன், அக்டோபர் முடிவதற்குள் சரக்கு மாடி ஏறியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு நாள், ஏதாவது ஓர் ஊரில் ஒத்திகை பாருங்கள். அணிவகுப்பும் சைரனும் வேண்டாம். காலையில் ரேஷன் கடை இயந்திரத்தை அணைத்துவிடுங்கள், தொட்டி வால்வைப் பூட்டிவிடுங்கள், கிராம நிர்வாக அலுவலரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மத்தியானம் ஊர்ப் பொதுச் சமையலில் இருந்து எத்தனை பேர் சாப்பிட்டார்கள், குடத்தில் எத்தனை பேர் தண்ணீர் பிடித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எந்த ஊர் என்று சொன்னால் நானும் எங்கள் குழுவும் டிராக்டரோடு வருகிறோம். தீப்பெட்டி எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து,
ஒரு நிவாரணக் குழுவின் சரக்குக் கணக்கர்